கல் நெக்லஸின் பில்லை வரி வரியாகப் படிப்பது

குடியாத்தத்தில் ஒரு வங்கிக் கிளையில் அடகுக்கு வரும் நகைகளை மதிப்பிடுவது என் வேலை. சென்ற ஆடியில் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளின் கல்யாணத்துக்கு வேலூரில் வாங்கிய நெக்லஸ்; வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. நகைப்பெட்டியின் சிவப்பு வெல்வெட் கூட இன்னும் மங்கவில்லை. தராசில் வைத்தேன், 30.400 கிராம். பூதக்கண்ணாடியை எடுத்துக் கற்களைப் பார்த்துவிட்டு, கல்லுக்கு 3.600 கழித்து, தங்கம் 26.800 என்று எழுதினேன்.

மகள் பர்ஸிலிருந்து பில்லை எடுத்து விரித்தார். “சார், இதில் நிகர எடை 28 கிராம் என்று போட்டிருக்கிறார்களே. நீங்கள் ஏன் குறைத்து எழுதுகிறீர்கள்?”

பில்லில் கல் எடை 2.400 என்று இருந்தது. எனக்கும் கடைக்கும் இடையே 1.200 கிராம் வித்தியாசம். அது வெறும் 1.200 கிராமோடு நிற்கவில்லை என்பதை அவர்களுக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். முதன்முதலாக நகை வாங்கப் போகிறவர்களுக்காக அதே கணக்கை இங்கே எழுதுகிறேன். சாதாரணச் சங்கிலி, வளையலில் இந்தச் சிக்கல் அதிகம் இல்லை. கல் வைத்த நகையில்தான் பில்லின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் தவறைச் சுமந்துகொண்டு இறங்குகிறது.

கணக்கு எளிதாக விளங்க, 22 காரட் தங்கம் கிராமுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கடைக்குப் போகும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எடையும் சேதாரச் சதவீதமும் அவர்கள் பில்லில் இருந்தவைதான்.

முதலில் பில்லின் எலும்புக்கூடு

மொத்த எடை என்பது நகையை அப்படியே தராசில் வைத்தால் காட்டுவது. கல் எடை என்பது அதில் கல், முத்து, மணி, அரக்கு முதலியவற்றின் பங்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நிகர எடை. இந்த நிகர எடைக்குத்தான் தங்க விலை, இதன் மேல்தான் சேதாரம். அதற்குப் பிறகு செய்கூலி, கல் விலை, கடைசியில் ஜி.எஸ்.டி.

அவர்களுடைய பில் இப்படி ஓடியது. மொத்த எடை 30.400, கல் 2.400, நிகர எடை 28.000. சேதாரம் 14 சதவீதம், அதாவது 3.920 கிராம். இரண்டையும் கூட்டினால் 31.920 கிராம், விலை 3,19,200 ரூபாய். செய்கூலி 1,800, கல் விலை 3,600. ஆக 3,24,600. இதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 9,738. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கு 18 சதவீத வரியுமாக 53 ரூபாய் 10 காசு. எல்லாம் சேர்த்து 3,34,391 ரூபாய் 10 காசு.

கூட்டல், பெருக்கலில் ஒரு காசு பிழை இல்லை. கணினி போட்ட பில்லில் பெரும்பாலும் இருக்காது. கணினிக்குள் போன எடையைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தராசின் முன்னால்

விற்பனையாளர் நகையில் தொங்கும் சீட்டைப் பார்த்தே எடையைச் சொல்வார். தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வைப்பதற்கு முன் தராசு 0.000 காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்று தசம இடம் காட்டும் தராசு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். கண்ணாடி மூடி இருந்தால் மூடச் சொல்லுங்கள்.

சீட்டையும் நூலையும் எடுத்துவிட்டு நிறுக்கச் சொல்வது இன்னும் முக்கியம். பிளாஸ்டிக் சீட்டும் அதன் நூலும் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் அது 0.200 கிராம் இருந்தாலே, நம் கணக்கின் விலையில் 2,000 ரூபாய். நல்ல கடைகள் சீட்டின் எடையைக் கழித்துத்தான் கணினியில் ஏற்றியிருக்கும். அப்படி ஏற்றியிருந்தால், சீட்டில்லாமல் நிறுக்கும்போது பில்லில் இருக்கும் அதே எண் வரும். வரவில்லை என்றால் அங்கேயே கேட்டுவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் ஊர் மண்டியில் புளி வாங்கும்போது சாக்கின் எடையைக் கழிக்காமல் யாராவது விடுவார்களா?

கல் எடையைக் கண்ணால் சோதிப்பது

இந்த இடத்தில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். கட்டிய கல்லைக் கழற்றி நிறுக்க முடியாது. பத்தர் கல் பதிப்பதற்கு முன் நிறுத்த எடைதான் உண்மையான கல் எடை. அது பட்டறையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து கடைக்கும் சீட்டில் எழுதப்பட்டு வருகிறது. வழியில் யார் குறைத்து எழுதினாலும் நாம் பார்ப்பது கடைசிச் சீட்டு மட்டுமே. கடைக்காரரே அறியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அடகுக்கு வரும் நகையை நாங்களும் பிரிப்பதில்லை. எண்ணுகிறோம், அளக்கிறோம், அனுபவத்தில் கழிக்கிறோம். அதில் ஒரு பகுதியை நீங்களும் செய்யலாம். ஏ.டி. கல் என்று கடைகளில் சொல்லும் வெள்ளை அமெரிக்கன் டைமண்ட் கற்கள், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கல்லாக இருந்தால், சுமார் 30 கற்கள் சேர்ந்து ஒரு கிராம் வரும். அதே அளவு செயற்கைச் சிவப்புக் கல் சற்று லேசானது. ஒரு கிராமுக்கு இன்னும் அதிகக் கற்கள் வரும். விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதை மறக்காதீர்கள். எனவே ஓரத்தில் மணல்போல் பதித்த பொடிக் கற்களை 3 மில்லிமீட்டர் கல்லோடு சேர்த்து எண்ணக் கூடாது.

அந்த நெக்லஸில் இருந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெள்ளைக் கற்கள். மகளையே எண்ணச் சொன்னேன். இரண்டு முறை எண்ணி 108 என்றார். முப்பதால் வகுத்தால் 3.6 கிராம். சீட்டில் இருந்ததோ 2.400, அதாவது 72 கல்லின் எடை.

இந்தக் கணக்கு துல்லியமானது அல்ல. கல்லின் உயரம், வெட்டு, தரம் எல்லாம் எடையை மாற்றும். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் கடையோடு சண்டை போட வேண்டாம். ஆனால் உங்கள் எண்ணிக்கை 3.6 என்றும் பில் 2.4 என்றும் சொன்னால் கேள்வி கேட்கலாம். பெரிய கடைகளில் அதே அளவு உதிரிக் கற்கள் கிடைக்கும். பத்துக் கல்லைத் தராசில் போட்டுக் காட்டச் சொன்னால் விவாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கல் எடையைச் சில பில்களில் காரட்டில் போடுவார்கள். இது தங்கத் தரத்தின் காரட் அல்ல. கல் எடையில் ஒரு காரட் என்பது 0.200 கிராம். 12 காரட் கல் என்றால் 2.400 கிராம். ‘12’ என்ற எண்ணைப் பார்த்துத் திகைக்கவும் வேண்டாம், அதைக் கிராமாக்கிக் கழித்திருக்கிறார்களா என்று பார்க்காமல் விடவும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத கழிவும் உண்டு. உள்ளே அரக்கு நிரப்பிய நகை, பின்பக்கம் மூடிய குந்தன் வேலைப்பாடு, முத்து கோத்த சரம் ஆகியவற்றில் கல்லை எண்ணினால் மட்டும் போதாது. குந்தன், போல்கி, ஜடாவு வகை நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமும் இல்லை. முதல் நகை வாங்குகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

அந்த 1.200 கிராம் எவ்வளவு தின்றது

கல்லைத் தங்கமாக எழுதினால் முதலில் அதற்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள்: 12,000 ரூபாய். அதன் மேல் 14 சதவீதச் சேதாரம் 1,680. இரண்டுக்கும் 3 சதவீத வரி. மொத்தம் 14,090 ரூபாய் 40 காசு. இது போக, அதே கற்களுக்குக் கல் விலை என்று தனியாக 3,600 ரூபாயும் கொடுத்தாகிவிட்டது. ஒரே கல்லுக்கு இரண்டு முறை பணம்.

சேதாரத்தை 16-லிருந்து 14-க்குப் பேரம் பேசி இறக்கியதாக அந்த அம்மா சொன்னார். பாவம், நன்றாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் தங்கம், சேதாரம், செய்கூலிக்காக அவர் கொடுத்தது 3,21,000 ரூபாய். கையில் இருக்கும் தங்கம் 26.800 கிராம், அதன் மதிப்பு 2,68,000. அதாவது தங்க விலைக்கு மேல் ஏறக்குறைய 20 சதவீதம். சதவீதத்தில் விட்டுக்கொடுத்ததை எடையில் எடுத்துக்கொண்டார்கள்.

இதைவிடச் சிறிய, ஆனால் அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று உண்டு. நிகர எடையைச் சரியாகவே போட்டுவிட்டு, சேதாரத்தை மட்டும் மொத்த எடைக்குப் போடுவது. இதே நகையில் 30.400-க்கு 14 சதவீதம் என்றால் 4.256 கிராம். சரியான 3.920-ஐவிட 0.336 கிராம் அதிகம். வரியோடு 3,460 ரூபாய் 80 காசு. கண்டுபிடிப்பது சுலபம். பில்லில் உள்ள சேதாரக் கிராமை நிகர எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அவர்கள் வாயால் சொன்ன சதவீதம் வர வேண்டும். இங்கே 15.2 வரும்.

சேதாரமும் செய்கூலியும்

நகை செய்யும்போது அராவியதில், உருக்கியதில் வீணாகும் பொன்னுக்கு ஈடாகப் பத்தருக்குக் கொடுத்ததுதான் பழைய சேதாரம். இன்று பில்லில் நிற்பது கடையின் லாபமும் சேர்ந்த ஒரு விலை. அதனால்தான் சாதாரணச் சங்கிலிக்கு ஒற்றை இலக்கத்தில் இருப்பது, நுணுக்கமான நகாசு வேலைக்கு இருபதையும் தாண்டுகிறது. அதனால்தான் பேரமும் பேச முடிகிறது. சில பில்களில் இது வி.ஏ. என்ற பெயரில் இருக்கும், பொருள் ஒன்றுதான்.

‘செய்கூலி இல்லை’ என்ற பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் சேதாரத்தைக் கேட்பதில்லை. ‘சேதாரம் இல்லை’ என்ற இடத்தில் செய்கூலி கிராமுக்கு இவ்வளவு என்று ஏறியிருக்கும். இரண்டையும் கூட்டி, நிகர எடையால் வகுத்துப் பார்த்தால் பலகை என்ன சொன்னாலும் கவலை இல்லை. நம் பில்லில் சேதாரம் 39,200, செய்கூலி 1,800, ஆக 41,000. இதை 28 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 1,464 ரூபாய். வேலூர் லாங் பஜார் பக்கம் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குகிறவர்கள் இந்த ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் ஒப்பிடுவதற்குப் போதும். ஒரே மாதிரி வேலைப்பாட்டை ஒப்பிடுங்கள், அவ்வளவுதான். நகைச்சீட்டுக் கட்டி முடித்தவர்களுக்குச் சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை என்பது சீட்டு அட்டையில் இருக்கும். அதற்கு மேல் உள்ள சேதாரம் பில்லில் வரும், வரியும் வரும்.

விலையையும் தரத்தையும் பொருத்திப் பாருங்கள். கல் நகைகள் பல 18 காரட்டிலும் வருகின்றன. நகையில் 750 என்று பொறித்திருந்தால் 22 காரட் விலை போடக் கூடாது. 916 இருந்தால்தான் 22 காரட். பக்கத்தில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளை இந்த ஆறிலக்கக் குறியீடு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் ‘Verify HUID’ என்ற இடத்தில் தட்டினால் தரமும் நகை வகையும் தெரியும். நீங்கள் வாங்குவது நெக்லஸ், செயலி மோதிரம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி. கல் எடையைப் பற்றி அது வாய் திறக்காது. ‘ஹால்மார்க் இருக்கிறதே, பிறகென்ன’ என்று கல் எடைக் கேள்வியைத் தட்டிவிடுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

வரி

கடையில் செய்து வைத்த நகைக்குத் தங்கம், சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்ந்த தொகைக்கு 3 சதவீதம். மத்திய அரசுக்கு ஒன்றரை, மாநிலத்துக்கு ஒன்றரை. செய்கூலிக்குத் தனியாக 5 சதவீதம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களே தங்கம் கொடுத்து, ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரிடம் நகை செய்யச் சொன்னால், அவருடைய கூலிக்கு உரியது அந்த 5 சதவீதம். கடையில் வாங்கும் நகைக்கு அதைப் போட்டால், நம் பில்லில் 41,000 ரூபாய்க்கு இரண்டு சதவீதம், அதாவது 820 ரூபாய் கூடுதலாகப் போகும்.

பழைய நகையை மாற்றுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். வரி புதிய நகையின் முழு மதிப்புக்கு. பழைய நகையின் தொகையை அதற்குப் பிறகுதான் கழிப்பார்கள். அது சரியான முறைதான். பழைய நகையில் கல்லுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள். விற்கும்போது லேசாக இருந்த கல், வாங்கும்போது கனமாகிவிடும் அதிசயத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘பில் வேண்டாம் என்றால் வரி இல்லாமல் முடித்துத் தருகிறோம்’ என்று ஒரு வெள்ளைச் சீட்டில் மதிப்பீடு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 9,738 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அந்தச் சீட்டில் கடையின் பதிவு எண் இருக்காது, கல் எடையும் பெரும்பாலும் இருக்காது. நாளைக்கு எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. ஹால்மார்க் நகையின் பில்லில் நகையின் விவரம், நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது பி.ஐ.எஸ். விதி. பில் 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ஆகும் தொகையை ரொக்கமாக வாங்கவும் மாட்டார்கள். கேட்பது முறைதான். ஒரே நெக்லஸை இரண்டு பில்லாகப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

இவ்வளவு கணக்கும் போட முடியாதவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். “இதையே நாளைக்கு உங்களிடம் திருப்பிக் கொண்டுவந்தால், கல்லுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?” பில்லில் உள்ள அதே எண்ணைச் சொன்னால் அதைப் பில்லிலேயே எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். ‘அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று இழுத்தால், அவர்களுக்கே அந்தக் கல் எடையில் நம்பிக்கை இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வாங்கிய பிறகு தெரியவந்தால் முதலில் பில்லோடும் நகையோடும் அதே கடைக்குப் போங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தராசின் மீதே சந்தேகம் என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் சொல்லலாம்.

பேரணாம்பட்டு அம்மாவும் மகளும் என் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு மறுவாரமே வேலூருக்குப் போனார்கள். மேலாளர் முதலில் ஹால்மார்க் கதையைச் சொல்லியிருக்கிறார். மகள் மேசையில் நெக்லஸை வைத்து ஒவ்வொரு கல்லாகச் சத்தமாக எண்ணத் தொடங்கியிருக்கிறார். அறுபதைத் தாண்டும்போது பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்களும் கூட எண்ணத் தொடங்கினார்களாம். பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் பில்லின் பின்பக்கத்தில், ‘மாற்றும்போது கல் கழிவு 2.400 மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் வட்டி கட்ட வந்தபோது அந்த அம்மா அதை எனக்குக் காட்டினார். அந்தக் கடையில் அது 28 கிராம். என் பதிவேட்டில் இன்னும் 26.800-தான்.